சுவரில் என்ன எழுதலாம்?

'கை கழுவுவோம், நோயை விரட்டுவோம்!' அங்கன்வாடி மதிலிலோ ஊராட்சி அறிவிப்புப் பலகையிலோ இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் எப்போது கழுவுவது, எதைப் போட்டுக் கழுவுவது, எவ்வளவு நேரம் கழுவுவது? இந்த மூன்றில் ஒன்றுக்கும் அந்த வரியில் பதில் இல்லை. மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு, நாமே ஒரு சுவர் வாசகம் எழுதுவோமா?

முதல் கேள்வி, எப்போது? வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் மலத்திலிருந்துதான் வருகின்றன. கழிப்பறைக்குப் போய் வந்தவர் கையிலும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டவர் கையிலும் அவை ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் நேராக வயிற்றுக்குள் போய்விடும். இந்த வழியை இரண்டு இடங்களில் அடைக்கலாம்: கழிப்பறையிலிருந்து வந்ததும் ஒருமுறை, சாப்பாட்டைத் தொடும் முன் ஒருமுறை. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கையை நன்றாகக் கழுவுகிறோம். சாப்பிடும் முன்போ, பலர் விரல் நுனியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கிருமி உள்ளே போவது அப்போதுதான்.

இரண்டாவது, எதைப் போட்டு? இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, அதன்மேல் கொஞ்சம் அடுப்புக்கரித் தூளைத் தூவி, இரண்டு கைகளிலும் படும்படி தேயுங்கள். இப்போது வெறும் தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் வழிந்தோடும், கரி அப்படியே இருக்கும். பிறகு சோப்புப் போட்டுத் தேயுங்கள். கரி நுரையோடு கிளம்பி வந்துவிடும்.

காரணம் இதுதான். நம் தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கிறது. கிருமிகள் அதில் ஒட்டியிருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலக்காது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். பல மூலக்கூறுகள் சேர்ந்து எண்ணெய்த் துளியைச் சுற்றிக்கொண்டு, கிருமியோடு சேர்த்துத் தோலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் விட்டுவிடும். சில வைரஸ்களுக்கு வெளியுறையே கொழுப்புதான். கொரோனா வைரஸ் அந்த வகை. சோப்பு அதன் உறையையே குலைத்துவிடும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம்? சோப்பு எண்ணெயைச் சுற்றிக்கொள்ளவும், தேய்ப்பில் அது கிளம்பி வரவும் நேரம் வேண்டும். குறைந்தது 20 விநாடி தேய்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கரிச் சோதனையில் அவசரமாகக் கழுவிய கையைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கட்டைவிரலைச் சுற்றியும் கறுப்பு மிச்சமிருக்கும். கிருமி தப்பிப்பதும் அங்கேதான்.

இப்போது எழுதலாம்:

கழிப்பறைக்குப் பின்னே, கைச்சோற்றுக்கு முன்னே,
சோப்புப் போட்டுத் தேய்ப்போம், இருபது எண்ணி முடிப்போம்!

இரண்டே வரிதான். ஆனால் எப்போது, எதைப் போட்டு, எவ்வளவு நேரம் என்று மூன்றும் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகளும் பாடிக்கொண்டே செய்யலாம்.

அடுத்து, எந்தச் சுவரில் எழுதுவது? வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். முதலில் கை கழுவ இடம் கட்டினார்கள். கழிப்பறையிலிருந்து அதுவரை பாதை போட்டு, அதில் பளிச்சென்ற வண்ணத்தில் பாதச் சுவடுகளை வரைந்தார்கள். கழுவும் இடத்தில் கை அச்சுகளை வரைந்தார்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. இதற்கெல்லாம் முன்பு, கழிப்பறைக்குப் போய் வந்தவர்களில் நூற்றுக்கு 4 பேர்தான் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். வேலை முடிந்த மறுநாள் அது 68 ஆனது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 74! ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது.

பேருந்து நிறுத்தத்தில் வாசகத்தைப் படிப்பவர் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடலாம். கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் குழாய்க்கு மேலேயும் எழுதினால், செய்ய வேண்டிய நேரத்தில் கண்ணில் படும். ஆனால் பக்கத்திலேயே தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் எந்த வாசகமும் பலிக்காது. சோப்பு தொலைந்துபோகுமென்றால், பழைய வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

உங்கள் வாசகம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கை கழுவினாயா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கத்தைவிட அதிகமாகவே கழுவுவார்கள். அதனால் ஆளைப் பார்க்காதீர்கள், சோப்பைப் பாருங்கள். எழுதுவதற்கு முன் ஒரு சோப்பு எத்தனை நாளில் கரைகிறது, எழுதிய பின் எத்தனை நாளில் கரைகிறது என்று குறித்து வையுங்கள். முன்னைவிடச் சீக்கிரம் கரைந்தால், பெரும்பாலும் உங்கள் வரி பலித்துவிட்டது. கரையவில்லையென்றால் வரியையோ எழுதிய இடத்தையோ மாற்றி, மறுபடி நாட்களை எண்ணுங்கள்.