"என்னத்தச் சொல்ல, காக்கா?"

ஓட்டமாவடியில் நான் வோட்டர் பம்ப் விற்கிறேன். வாகரைப் பக்கத்தில் கச்சான் செய்யும் தம்பி ஒருவர், மூன்று மாதத்திற்கு முன் வாங்கிய பம்பைத் தானாகவே புகழ்ந்தபடி குழாய் வாங்க வந்தார். "இதையே ஃபோனுக்கு முன்னால் சொல்லுங்க" என்றேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர் போல விறைத்து நின்றார். "என்னத்தச் சொல்ல, காக்கா?" என்று கேட்டுவிட்டு, "நல்ல கடை, நல்ல சாமான்" என்று முடித்தார். பத்து வினாடி. அதைப் பார்த்து யார் பம்ப் வாங்குவார்?

பிழை என்னுடையதுதான். "ஏதாவது சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. தேநீர் கொடுத்து, மூன்று கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாங்க முன் என்ன கஷ்டம்? வாங்கும்போது எதற்குத் தயங்கினீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது? என் குரலைப் பிறகு வெட்டிவிடுவேன் என்பதால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொன்னேன்.

இப்போது மனிதர் பேசினார். "பழைய பம்ப் ரெண்டு நாளைக்கொருக்கா நிண்டுபோகும். இது விலை கூட எண்டு யோசிச்சன். இப்ப விடியக்காலம் ஓடவிட்டா எட்டு மணிக்குள்ள தோட்டம் நனைஞ்சிரும். ஆனா, சாமான் வந்து சேர ரெண்டு நாள் பிந்தினது." முப்பத்தைந்து வினாடி. என் மகன் கடைசி வசனத்தை வெட்டச் சொன்னான், நான் விடவில்லை. அந்த ஒரு குறைதான் மற்றதையெல்லாம் நம்ப வைக்கிறது. இரண்டாவது கேள்வியே முக்கியமானது. விலைக்காகத் தயங்கி நிற்கும் அடுத்த வாடிக்கையாளருக்கு, தன்னைப் போல் தயங்கிய ஒருவர் பதில் சொல்கிறார் அல்லவா? பாசிக்குடாவில் அறை வாடகைக்கு விடும் நண்பர்களும் இதையே கேட்கலாம். "பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்று பயந்தோம், கரையோரம் ஆழமில்லை" என்று ஒரு தாய் சொன்னால் போதுமே.

விற்ற அன்றே கேட்காதீர்கள். பாவித்துப் பார்த்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தால் கண் வரிவரியாக ஓடுவது தெரிந்துவிடும். முகம் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். முகம் காட்ட விரும்பாத பெண்களிடம் சம்மதம் இருந்தால் குரலை மட்டும் எடுத்து, பொருளைக் காட்டலாம்.

எங்கே போடப் போகிறோம் என்பதை முதலே சொல்லிவிட வேண்டும். வட்ஸ்அப்புக்குச் சம்மதித்தவர் முகநூலுக்குச் சம்மதித்தவர் அல்ல. அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவது என் வழக்கம். புகழ்ந்தால் விலைக்கழிவு தருவதாகச் சொல்லிப் பேச வைப்பது விலைக்கு வாங்கிய சாட்சி. அமெரிக்காவில் பொய்யான வாடிக்கையாளர் சாட்சிகளைத் தடுக்கும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. புகழ்ந்தால்தான் சன்மானம் என்று பேரம் பேசுவதையும் அது தடுக்கிறது.

அந்தத் தம்பியிடம் குழாய்க்குரிய பணத்தை முழுதாகவே வாங்கினேன். தேநீருக்கு மட்டும் கணக்கில்லை.