சங்கத்தின் குழுக் காப்பீடு: உறுப்பினர் இறந்தால் பணம் யாருக்கு, எவ்வளவு, எப்போது

பணியாளர் கூட்டுறவு சிக்கன, கடன் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாள் ஒட்டப்படுகிறது. குழுக் காப்பீடு புதுப்பிக்கப்பட்டது, பிரீமியம் சம்பளத்தில் பிடிக்கப்படும், உறுப்பினர் இறந்தால் குடும்பத்தார் இன்னின்ன ஆவணங்களுடன் சங்கத்தை அணுக வேண்டும் என்று நாலைந்து வரிகளில் அது முடிந்துவிடும். அந்த வரிகளின் பொருள் பெரும்பாலும் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் குடும்பத்துக்குத் தெரிய வருகிறது. அதற்குள் திருத்தக்கூடிய பிழைகளைத் திருத்தும் காலம் கடந்துவிடுகிறது.

இத்தகைய காப்பீட்டில் பாலிசி உறுப்பினர் பெயரில் இருப்பதில்லை. காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்வது சங்கம். பாலிசி ஒன்றே ஒன்றுதான். அதற்கு முதன்மைப் பாலிசி என்று பெயர். உறுப்பினர்களின் பெயர், பிறந்த தேதி, காப்பீட்டுத் தொகை ஆகியவை கொண்ட பட்டியலைச் சங்கம் அனுப்புகிறது. மொத்தப் பிரீமியத்தையும் அதுவே கட்டுகிறது. பாதுகாப்பு ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டு முடிந்ததும் புதிய பட்டியல், புதிய பிரீமியம். உறுப்பினர் உயிரோடிருந்தால் கட்டிய பணம் திரும்ப வராது. பிரீமியம் குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே மரணம் நேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். இறந்த நாளில் உறுப்பினரின் பெயர் அதில் இருந்ததா, வயது வரம்புக்குள் இருந்தாரா, புதிதாகச் சேர்ந்தவர் என்றால் காத்திருப்புக் காலம் கடந்ததா என்பவைதான் முதல் கேள்விகள். காத்திருப்புக் காலம் என்பது சேர்ந்த தேதியிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் நோயால் இறந்தால் பணம் கிடையாது, விபத்தால் இறந்தால் மட்டுமே உண்டு என்ற விதி. வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் இது 30 நாள். சங்கப் பாலிசிகளில் இது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், சிலவற்றில் இருக்காது. அறிவிப்பில் இந்த ஒரு வரி விடுபட்டிருந்தால் உறுப்பினர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டியலில் பெயர் விடுபடுவது அரிதான விபத்தல்ல. நீண்ட விடுப்பில், சம்பளமில்லாத மாதங்களில் பிரீமியம் பிடிக்கப்படாமல் போகலாம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவரின் சம்பளப் பட்டியல் வேறு அலுவலகத்துக்குப் போய்விடலாம். பிடித்த பணத்தைக் குறித்த நாளுக்குள் நிறுவனத்துக்கு அனுப்பாமலும் விட்டிருக்கலாம். இந்தக் கடைசி நிலையைப் பற்றி 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. தில்லி மின் வாரியம் தன் ஊழியரின் சம்பளத்தில் பிடித்த பிரீமியத்தை எல்.ஐ.சி.க்கு உரிய காலத்தில் செலுத்தவில்லை, ஊழியர் இறந்தார். பணத்தைப் பிடித்துச் செலுத்தும் வேலையில் மின் வாரியம் எல்.ஐ.சி.யின் முகவராகவே செயல்பட்டது, எனவே எல்.ஐ.சி. இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த வழக்கு சம்பளச் சேமிப்புத் திட்டத் தனிப் பாலிசி தொடர்பானது. குழுக் காப்பீட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரீமியம் பிடிக்கப்பட்டதற்கான சம்பளச் சீட்டு எவ்வளவு பெரிய சான்று என்பதை அது காட்டுகிறது. சம்பளச் சீட்டையும், சங்கம் தரும் காப்பீட்டுச் சான்றின் நகலையும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, பணம் யாருக்கு எவ்வளவு என்பது. குடும்பங்கள் அதிகம் ஏமாற்றம் அடையும் இடம் இதுதான். கடன் சங்கங்களின் குழுக் காப்பீடு இரண்டு விதமாக அமையும். ஒன்றில் காப்பீட்டுத் தொகை ஆண்டு முழுவதும் மாறாது. மற்றதில் அது கடன் பாக்கியோடு சேர்ந்தே குறைந்துகொண்டு வரும். இரண்டாவது வகையில் காப்பீடு கடனை மட்டும் தீர்க்கும். குடும்பத்தின் கைக்குப் பணம் எதுவும் வராது. அதனால் பயனில்லை என்று அர்த்தமல்ல. கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்ட சக ஊழியர்களின் சம்பளத்தில் பாக்கியைப் பிடிக்க வேண்டிய நிலை வராது. இறந்தவரின் பணிக்கொடையிலிருந்து கழிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் 'காப்பீடு 5 லட்சம்' என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கும் மனைவிக்கு இந்த வேறுபாட்டை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வகைக்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 44 வயது உறுப்பினர். காப்பீட்டுத் தொகை 5,00,000 ரூபாய். செப்டம்பர் 30 வரை தவணை பிடிக்கப்பட்டுவிட்டது. அசல் பாக்கி 2,86,400 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். அவர் அக்டோபர் 14 அன்று மாரடைப்பால் இறக்கிறார். 14 நாள் வட்டி 1,318 ரூபாய். ஆக இறந்த நாளில் கடன் பாக்கி 2,87,718 ரூபாய். காப்பீட்டுத் தொகையில் இதைக் கழித்தால் மிச்சம் 2,12,282 ரூபாய். அது நியமனதாரருக்கு, அதாவது நாமினிக்குச் சேர வேண்டியது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது வட்டி எந்த நாளோடு நிற்கிறது என்பது. சங்கம் இறந்த நாளோடு வட்டியை நிறுத்தினால் மேலே சொன்ன தொகை வரும். பணம் வந்து சேரும் நாள்வரை வட்டி போட்டால், மாதம் சுமார் 2,864 ரூபாய் வீதம் குடும்பத்தின் பங்கு கரையும். நான்கு மாதத் தாமதம் என்றால் 11,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். தாமதம் குடும்பத்தின் தவறாக இல்லாதபோதும் நட்டம் அவர்களுடையது. எனவே ஒரு நல்ல அறிவிப்பில் வட்டி நிற்கும் தேதி கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடன் பாக்கிக்கு மேல் ஒரு ரூபாயைக்கூடச் சங்கம் காப்பீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. கடன் பாக்கியை எடுத்துக்கொள்வதற்கும் உறுப்பினர் எழுத்தில் தந்த ஒப்புதலும், கடன் கணக்கு அறிக்கையும் வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் குடும்பத்தார் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

உறுப்பினரின் பங்குத் தொகையும் சிக்கன வைப்பும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றைச் சங்கம் தனியாகத் தீர்க்கும். அவற்றுக்கான நியமனமும் தனி. சங்கத்தில் சேர்ந்தபோது பங்குத் தொகைக்கு எழுதிக்கொடுத்த நாமினி பெயர் காப்பீட்டுக்கும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்பீட்டுக்கு வேறு படிவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரை எழுதியவர், திருமணமாகிப் பதினைந்து ஆண்டு கழித்தும் அதை மாற்றாமலே இருந்திருப்பார். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் அமைவதற்கு முன் எழுதிய நியமனம் பிறகு செல்லாது. காப்பீட்டில் அப்படித் தானாக ரத்தாவதில்லை. பழைய பெயரே நிற்கும்.

நாமினி பணத்தின் உரிமையாளரா, பெற்றுக்கொள்பவர் மட்டுமா என்பதும் பழைய சிக்கல். பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என்று 1983இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நியமித்திருந்தால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்கிறது திருத்தம். ஆனாலும் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே வழக்கு எழுந்தால் முடிவு நீதிமன்றத்தில்தான். 18 வயது நிரம்பாத பிள்ளையை நியமித்திருந்தால், அவருக்காகப் பணம் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரையும் படிவத்தில் எழுத வேண்டும். நியமனமே இல்லாவிட்டால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். தகராறு இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று வரை போக நேரும். மாதக்கணக்கில் ஆகும் தாமதங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

கோரிக்கை நடைமுறை இவ்வளவு சிக்கலானதல்ல. குடும்பத்தார் சங்கச் செயலாளருக்கு எழுத்தில் தகவல் தந்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கோரிக்கைப் படிவம், நாமினியின் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை அடிப்படை ஆவணங்கள். மருத்துவமனையில் இறந்திருந்தால் சிகிச்சைக் குறிப்பும் கேட்கப்படலாம். சங்கம் தன் சான்றையும் கடன் அறிக்கையையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் சிரமமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் சங்கப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைச் சான்றிதழ் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒன்றில் 'ராஜேந்திரன்', மற்றதில் 'எம். ராஜேந்திரகுமார்' என்றிருந்தால் கோப்பு திரும்பி வரும்.

விபத்து மரணத்துக்குக் கூடுதல் தொகை உள்ள பாலிசி என்றால் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றில் கிராமக் குடும்பங்கள் பரிசோதனை வேண்டாம் என்று உடலை எடுத்துச் சென்றுவிடுவதுண்டு. அந்தத் துயரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பிறகு விபத்தை நிரூபிக்க வழியில்லாமல் போய், சாதாரண மரணத்துக்கான தொகை மட்டுமே கிடைக்கும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வகுத்த விதிப்படி, விசாரணை தேவைப்படாத மரணக் கோரிக்கையை 15 நாளிலும், விசாரணை தேவைப்படுவதை 45 நாளிலும் நிறுவனம் தீர்க்க வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும். ஆனால் சங்கத்தின் மேசையில் கோப்பு கிடக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராமல் போகலாம். நிறுவனத்துக்கு அனுப்பிய தேதியைச் சங்கத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற வேண்டும். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. குழுக் காப்பீட்டு முறையீடுகளும் ஏற்கப்படும். குறைதீர்ப்பாளர் விசாரிப்பது காப்பீட்டு நிறுவனத்தின் மீதான புகாரைத்தான். பிடித்த பிரீமியத்தைச் சங்கம் அனுப்பவில்லை, கடன் பாக்கியைக் கூட்டிக் காட்டியது என்பவை போன்ற புகார்களுக்குக் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும்.