பாதி கால், பாதி ஃபோல்டு: போக்கர் சால்வர் சொல்வது என்ன?

போக்கர் கற்கத் தொடங்குபவர்கள் பலர் பியோசால்வர் போன்ற மென்பொருளைத் திறந்ததும், அது காட்டும் சதவீதங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அது வீண் உழைப்பு. அந்தச் சதவீதம் ஏன் வந்தது என்பதுதான் படிக்க வேண்டிய பாடம்.

இரண்டு பேர் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். கடைசிச் சீட்டான ரிவர் விழுந்துவிட்டது. நடுவில், அதாவது பாட்டில், 100 சிப். எதிராளி இன்னொரு 100 பெட் வைக்கிறார். அவரிடம் இருப்பது வெல்லவே முடியாத சீட்டு, இல்லையென்றால் வெறும் பிளஃப். உங்களுடையது நடுத்தரமான சீட்டு. பிளஃபை மட்டும்தான் வெல்லும். 100 கொடுத்து 200 பெறப் பார்க்கிறீர்கள் என்பதால், மூன்றில் ஒரு தடவை அவர் பிளஃப் செய்தாலே உங்களுக்கு நட்டமில்லை.

சால்வர் எதிராளிக்குச் சொல்லும் கணக்கும் அதுவே: இரண்டு நல்ல சீட்டுக்கு ஒரு பிளஃப். உங்களுக்கு அது பாதி கால், பாதி ஃபோல்டு என்று காட்டும். பாதிக்கு மேல் நீங்கள் ஃபோல்டு செய்தால், எந்தக் குப்பைச் சீட்டோடும் பெட் வைத்து அவர் லாபம் பார்ப்பார். அதைத் தடுக்கத்தான் அந்தப் பாதி. ஆனால் ஈ.வி. எனப்படும் சராசரி லாபத்தைப் பாருங்கள்: கால், ஃபோல்டு இரண்டுக்கும் பூஜ்யம்தான். ஆகவே இந்த இடத்தில் எதைச் செய்தாலும் தவறில்லை. இரண்டு தேர்வுகளுக்கு நடுவே பல சிப் வித்தியாசம் வரும் இடமே உங்கள் கவனத்துக்கு உரியது. மிகச் சிறிய வித்தியாசம், கணக்கை முழுத் துல்லியம் வருமுன் நிறுத்தியதால் வந்ததாகவும் இருக்கலாம்.

இப்போது எதிராளி அரிதாகவே பிளஃப் செய்பவர், ஐந்து பெட்டில் ஒன்றுதான் பிளஃப் என்று வையுங்கள். ஐந்து தடவை கால் செய்தால் ஒரு தடவை 200 வரும், நான்கு தடவை 100 போகும். ஆக ஒவ்வொரு காலுக்கும் சராசரியாக 40 சிப் நட்டம். எதிராளியின் ஆட்டத்தை இப்படிப் பூட்டி வைத்துக் கணக்கிடும் வசதிக்கு நோட் லாக்கிங் என்று பெயர். பூட்டிப் பார்த்தால், அதே சால்வர் எல்லாவற்றையும் ஃபோல்டு செய்யச் சொல்லும்.

எனவே பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆடி முடித்த ஒரு கையை எடுத்து, முதலில் உங்கள் பதிலையும் காரணத்தையும் எழுதுங்கள். பிறகு சால்வரை ஓட்டுங்கள். அடுத்து ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டை 50 ஆக்கினால், கால் செய்ய வேண்டிய பங்கு மூன்றில் இரண்டாகும், பிளஃபோ மூன்று நல்ல சீட்டுக்கு ஒன்றாகக் குறையும். ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சால்வரைத் திறக்கவே கூடாது. ஆன்லைன் தளங்கள் அதை மோசடியாகவே நடத்துகின்றன.

இருவரிடமும் என்னென்ன சீட்டுகள் இருக்கலாம் என்ற பட்டியலை, அதாவது ரேஞ்சை, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது தவறானால் விடையும் தவறு. இரண்டு பேர் ஆட்டத்தில் சமநிலை உத்தி உங்களை நீண்டகால நட்டத்திலிருந்து காக்கும். மூன்றாமவர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் கிடையாது.