கான்கிரீட்டுக்கு முந்தின சாயங்காலம்

சேலம், நாமக்கல் பக்கத்து ஓட்டு வீடுகளில் மின்விசிறிக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. விட்டம் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் விசிறி. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அதன் மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கிய பிறகு முதலில் நகரங்களுக்கும், 1957-இல் மின்வாரியம் அமைந்த பின் மெல்ல மெல்லக் கிராமங்களுக்கும் கரண்ட் வந்தது. அப்போது வீடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் கடைசியாக வருகிற ஆள். மர ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன்மேல் தகரக் கிளிப்பில் வயரைப் பிடித்து, விட்டத்தில் ஒரு கிளாம்ப் மாட்டிவிட்டுப் போவார். அவரைக் கேட்டுக்கொண்டு யாரும் வீடு கட்டியதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

அப்புறம் தார்சு வீடு வந்தது. விட்டம் போய்விட்டதால் தளத்தில் எதிலாவது விசிறியைத் தொங்கவிட வேண்டியிருந்தது. கம்பி கட்டுகிறவர் மிச்சம் விழுந்த பத்து அல்லது பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, இரண்டு கைகளையும் தளக் கம்பிகளின்மேல் போட்டுக் கட்டி, வளைவைச் சென்ட்ரிங் பலகையில் போட்ட துளை வழியாகக் கீழே இறக்கிவிடுவார். அறைக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான். லைட்டுக்குத் தளத்தில் எதுவும் கிடையாது. குழல்விளக்கு சுவரில் இருந்தது. விசிறிக்கான வயர் சுவரேறி, தளத்தின் அடியில் ரீப்பர்மேல் ஊர்ந்து கொக்கியருகே மர உருண்டையில் முடியும்.

பார்க்க அழகில்லைதான். ஆனால் அந்தக் காலத்துத் தளங்களுக்கு ஒரு நல்லது நடந்தது: யாரும் அவற்றின் அடிவயிற்றில் உளி வைக்கவில்லை. ரீப்பருக்குச் சின்னச் சின்ன ஆணித் துளைகள் மட்டும். அம்மாப்பேட்டையிலும் திருச்செங்கோட்டிலும் அந்த வயதுத் தார்சு வீடுகள் சிலவற்றில் கொக்கி இன்னும் கருகருவென்று உறுதியாக நிற்பதைப் பார்க்கலாம்.

கெடுதல் நடந்தது அதற்கும் இன்றைக்கும் நடுவில். வயர் வெளியே தெரியக் கூடாது என்ற ஆசை வந்துவிட்டது. தளம் போடும்போதே பைப் போட வேண்டும் என்ற பழக்கம் கூடவே வரவில்லை. சுவரில் காடி எடுத்துப் பைப்பைப் புதைத்தார்கள், அது பரவாயில்லை. தளத்திலும் அதே வேலையைச் செய்தார்கள். சென்ட்ரிங் பிரித்து, பூச்சுக்கு முன்னால், சாரத்தில் ஏறி நின்று சுத்தியலும் உளியுமாகச் சுவர் ஓரத்திலிருந்து அறை நடுவரை ஒரு வாய்க்கால். இன்றும் சில வீடுகளில் இது நடக்கிறது. மறந்துபோன லைட் பாயிண்டுக்கு, நகர்த்த வேண்டிய விசிறிக்கு, பின்னால் முளைத்த ஏசி வயருக்கு.

அந்த வாய்க்கால் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டுத் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலம், அதாவது 125 மில்லிமீட்டர். கீழே எட்டு மில்லிமீட்டர் கம்பிகள். அந்தக் கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட், கவர் என்று சொல்வது, சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் என்கிறது ஐ.எஸ். 456. தளம் சுமையில் கீழே வளையப் பார்க்கும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்குவது அடிக்கம்பி. அதைத் துருவிலிருந்து காப்பது இந்த 20 மில்லிமீட்டர். இருபது மில்லிமீட்டர் பைப்பைப் பதிக்க ஓர் அங்குலம் கொத்தினால் கவர் முழுதும் போய்க் கம்பி வெளியே வந்துவிடும். கம்பி குறுக்கே வந்தால் அதையே நறுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அறை நடுவில்தான் இழுப்பு அதிகம், விசிறி வேண்டியதும் அங்கேதான்.

கொத்திய பிறகு சிமெண்டுக் கலவையோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ வைத்து மூடிவிடுவார்கள். கண்ணுக்குச் சரியாகிவிடும். ஆனால் உளியின் அதிர்ச்சியில் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இருந்த பிடிப்பு பக்கவாட்டிலும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். மேலிருந்து வரும் மழை ஈரத்தை மூடிய இடம் உறிஞ்சும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் அடிப்பூச்சைத் தள்ளும். சில ஆண்டுகள் கழித்து, சுவரிலிருந்து விசிறி வரை ஒரே நேர்கோட்டில் விரிசல் போனால் அது சும்மா வந்த விரிசல் அல்ல, பைப் போன வழி. பழுப்புக் கறை தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது. சாவியால் தட்டிப் பாருங்கள். நல்ல தளம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் டொக்கு டொக்கென்று உள்ளீடற்றுச் சொல்லும்.

இன்றைக்கு ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ கட்டும் வீட்டில் நிலைமை வேறு. எலக்ட்ரீஷியனின் முதல் வேலை தளம் போடுவதற்கு முந்தின நாள் வந்துவிடுகிறது. சென்ட்ரிங் அடித்து, அடிக்கம்பி கட்டி, மேல்கம்பியைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு சாயங்கால நேரம் கிடைக்கும். வயர் எங்கே போகும், விசிறி எங்கே சுற்றும், லைட் எங்கே எரியும் என்ற எல்லா முடிவும் அந்த நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். முன்பு வீடு முடிந்த பிறகு நிதானமாக எடுத்த முடிவு இது. மாறியது பைப்பும் பாக்ஸும் மட்டுமல்ல, முடிவெடுக்கும் நாளும்தான். வீட்டுக்காரர்கள் இதை உணர்வதில்லை. “எங்கே வேணும்னு நீங்களே போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் கான்கிரீட் போடுகிறவர்களுக்கான சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காகப் பதினான்கு அடி, தெற்கு வடக்காகப் பன்னிரண்டு. மேற்குச் சுவரில் இரண்டடி ஆழத்துக்கு அலமாரியும் அதன்மேல் பரணும் வரப் போகின்றன. அப்படியே விட்டால் நூல் பிடித்து மூலைவிட்டம் பார்த்து, கிழக்குச் சுவரிலிருந்து ஏழாவது அடியில் பாக்ஸ் வைத்துவிடுவார்கள். ஆனால் அலமாரி வந்தபின் அறை பன்னிரண்டடிதான், நடு என்பது ஆறாவது அடி. ஓரடி வித்தியாசம் சின்னதாகத் தெரியும்; கட்டில் போட்டுப் படுத்தால் காற்று கால்மாட்டிலேயே வீசிக்கொண்டிருக்கும். லைட் பாக்ஸுகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் வைக்கலாம். சாதாரண 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். அதன் நேர்மேலே லைட் வந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும், அறை முழுக்க நிழல் துடிக்கும். இதைச் சரிசெய்யத்தான் பலர் பிற்பாடு உளியைக் கூப்பிடுகிறார்கள்.

இடம் குறித்தபின் பாக்ஸைச் சென்ட்ரிங் ஷீட்மேல் வாய் கவிழ்த்து வைத்து ஆணியடிக்க வேண்டும். உள்ளே சிமெண்டுப் பால் ஏறாமலிருக்கத் தெர்மாகோலோ கசக்கிய காகிதமோ அடைப்பார்கள். பாக்ஸ் வருகிற இடத்தில் கம்பி இருந்தால் அதை நகர்த்த வேண்டுமே தவிர வெட்டக் கூடாது. ஆழமான பாக்ஸ்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. கவர், அதன்மேல் இரண்டு வரிசைக் கம்பி என்று சேர்த்தால் ஷீட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடுகிறது. அதற்கு மேலேதான் பைப் போக வேண்டும். பாக்ஸ் தட்டையாக இருந்தால் பைப் நுழையும் வாய் கம்பிக்குக் கீழே அமைந்துவிடும். பைப்பும் கம்பியின் அடியில் ஓடும். உளியே வைக்காமல் கவரை இழந்தாயிற்று.

பைப் அடிக்கம்பிக்கு மேலே, மேல்கம்பிக்குக் கீழே, தளத்தின் நடுவில் ஓடினால் பெரிதாகக் கெடுதல் இல்லை. மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு இரண்டு வேலையும் குறைவு. ஆனால் அளவு இருக்கிறது. பைப்பின் தடிமன் தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றும், பைப்புகளின் நடுவுக்கு நடு குறைந்தது மூன்று பைப் அகலம் இருக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் கான்கிரீட் கழக விதி சொல்கிறது. 20, 25 மில்லிமீட்டர் பைப்புக்கு முதல் விதி தொல்லையே இல்லை. இரண்டாவதைத்தான் இங்கே மீறுகிறார்கள். சுவிட்ச் போர்டு பக்கம் இறங்கும் இடத்தில் ஏழெட்டுப் பைப்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஜல்லி நுழைய இடமில்லாமல் கிடக்கும். சென்ட்ரிங் பிரித்தால் அந்த இடம் தேன்கூடு போலப் பொக்கையாக இருக்கும். பைப்புகளை விரித்து, இரண்டு மூன்று இடங்களில் இறக்கிவிட்டால் தீர்ந்தது.

விசிறி பாக்ஸுக்கு உள்ளே வரும் கொக்கியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாக்ஸின் தகரம் விசிறியைத் தாங்கக் கூடாது, தளம்தான் தாங்க வேண்டும். அதனால் கொக்கிக் கம்பியின் இரு கைகளும் பாக்ஸைத் தாண்டி நீண்டு அடிக்கம்பிகளின்மேல் உட்கார்ந்து, பைண்டிங் வயரால் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைகள் குட்டையாக இருந்தால் பழைய காலத்துக் கம்பி கட்டுகிறவர் செய்ததையே செய்யலாம்: இரண்டடி நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டர் கம்பி ஒன்றை வளைத்து, வளைவைப் பாக்ஸுக்குள் இறக்கி, இரு கைகளையும் அடிக்கம்பிகளின்மேல் போட்டுக் கட்டிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அன்றைய தளம் இன்றையதைவிட உத்தமம்.

மாடிக்கு ஏறும் வயர், சோலார் கேபிள், டிஷ் வயர் இவற்றுக்குத் தளத்தைத் துளைக்கும் ஸ்லீவ்களையும் இதே சாயங்காலம் நிறுத்திவிட வேண்டும். பிவிசி குழாய்த் துண்டை இரு முனையும் மூடி, கம்பிக்கு நடுவே நிமிர்த்திக் கட்டினால் போதும். மொட்டை மாடியில் ஸ்லீவின் மேல்முனை தட்டு ஓட்டுக்கும் மேலே அரையடியாவது நிற்கட்டும். இல்லையென்றால் முதல் கோடை மழையே சுவிட்ச் போர்டில் இறங்கும்.

கான்கிரீட் போடும் காலையில் எலக்ட்ரீஷியனின் ஆள் ஒருவராவது தளத்தில் நிற்க வேண்டும். தள்ளுவண்டி ஏறினாலும், கலவை கொட்டுகிறவர் மிதித்தாலும், வைப்ரேட்டர் ஊசி பட்டாலும் பைப் மூட்டு கழன்றுவிடும். உடனே மாட்டினால் ஒரு நிமிட வேலை. மறுநாள் தெரிந்தால் அந்தப் பைப் செத்தது. முட்டு பிரித்த அன்றே, பூச்சு வருவதற்கு முன், எல்லாப் பாக்ஸையும் தட்டித் திறந்து ஸ்பிரிங் விட்டுப் பார்ப்பது அவசியம். ஷீட்டை விட்டு மேலேறிய பாக்ஸை மெல்லிய கான்கிரீட் மூடியிருக்கும். இடம் தெரியாமல் தேடினால் அது இன்னொரு கொத்தல். இதற்குக் கையிலிருக்கும் போனே போதும். சுவரிலிருந்து டேப் பிடித்த அளவு தெரியும்படி எல்லாப் பாக்ஸையும் பைப்பையும் முந்தின நாளே படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஓட்டை போட வருகிறவர் பைப்பைத் துளைக்காமலிருக்கவும் அந்தப் படம்தான் உதவும்.

மறந்துபோன பாயிண்ட் ஒன்று இருந்தே தீரும். அதற்கும் தளத்தைக் கொத்தாமல் வழி உண்டு. லைட்டுக்கு வயரைச் சுவர் மூலையோரம் கேஸிங்கில் கொண்டுபோகலாம், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிக்கலாம். விசிறிக்குத் துளைப்பான் வைத்துக் கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு போல்ட்டை நம்பாமல், தகடு வைத்து நான்கு ஆங்கர் போல்ட்டில் பிடிக்கலாம். நான்கு சின்னத் துளைகளைத் தளம் பொறுத்துக்கொள்ளும். ஆறடி வாய்க்காலைப் பொறுக்காது.

வீடு கட்டப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கான்கிரீட் கலவை லாரிக்குத் தேதி சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனுக்குத் தேதி சொல்லுங்கள். அவர் வரும் சாயங்காலம் அலமாரி, பரண், கட்டில் மூன்றும் எங்கே வரும் என்று வரைந்த ஒரு தாளோடு நீங்களும் சென்ட்ரிங்மேல் ஏறி நில்லுங்கள்.