குக்கர் ரப்பர் வாங்கப் போகிறீர்களா? மூன்று படங்கள் எடுங்கள்

விசில் வருவதற்கு முன்பே மூடியோரத்தில் நீராவி கசிந்தால், பெரும்பாலும் கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். பழைய வளையத்தை மட்டும் படமெடுத்துப் புலனத்தில் கடைக்கு அனுப்புவது பலரின் வழக்கம். அது போதாது. சூட்டில் நாள்பட்ட ரப்பர் சுருங்கியோ தளர்ந்தோ அளவு மாறியிருக்கும்.

முதல் படம், மூடிய குக்கரின் பக்கவாட்டுத் தோற்றம். மூடி ஹாக்கின்ஸ் போல உள்ளே இறங்கிப் பூட்டுகிறதா, வெளியே கவிழ்ந்து பூட்டுகிறதா என்பது இதில் தெரியும். பிரஸ்டீஜில் இரு வகையும் உண்டு. ‘பிரஸ்டீஜ், 5 லிட்டர்’ என்று மட்டும் சொன்னால், வெளிமூடிக் குக்கருக்கு உள்மூடி வளையம் வந்து சேரலாம், அது பொருந்தாது.

இரண்டாவது, அடிப்பாகத்திலோ கைப்பிடியிலோ உள்ள பெயரும் லிட்டர் அளவும். மூன்றாவது, மூடியின் உட்புறம். குறுக்கே அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் அளவு தவறும். பாதுகாப்பு வால்வும் இதில் தெரியும்.

வால்வின் நடுவிலுள்ள உலோகம் உருகி ஓட்டை விழுந்திருந்தால், தண்ணீர் வற்றியோ விசில் குழாய் அடைத்தோ குக்கர் மிதமிஞ்சிச் சூடாகியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்து, அதே மாடலுக்குரிய வால்வையே பொருத்த வேண்டும். ஓட்டையை வேறெதனாலும் அடைத்தால் குக்கர் வெடிக்கக்கூடும்.

புது வளையம் போட்டதும் முதலில் தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்கள். ஓரத்தில் கசியாமல் விசில் வந்தால், பொருத்தம் சரி.