சுடும் எக்ஸாஸ்ட் ஃபேன்: பிசுக்கா, கண்டன்சரா, பேரிங்கா?

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வேகம் குறைந்து, மோட்டாரும் தொட முடியாத அளவு சுட்டால், பல வீடுகளில் முதலில் மாற்றப்படுவது கண்டன்சர்தான். விலை குறைவு, சின்ன வேலை, பல நேரம் பலனும் தெரியும். ஆனால் இறக்கையில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும் இதே இரண்டு அறிகுறிகளைத் தரும். தேய்ந்த பேரிங்கும் தரும். இறுகிப்போன பேரிங்கை அப்படியே விட்டுப் புதுக் கண்டன்சர் போட்டால், மோட்டார் அந்த இறுக்கத்தை இன்னும் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு ஓடும். கடைசியில் காயில் கருகும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் மூன்றில் எது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

வேகக் குறைவும் சூடும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. வீடுகளில் உள்ள 9 அங்குல, 12 அங்குல மெட்டல் எக்ஸாஸ்ட் ஃபேன்களில் பல, நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி ஓடுபவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், இத்தகைய மோட்டாரின் காயில் உண்டாக்கும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. உள்ளே இருக்கும் ரோட்டார் அதைச் சற்றுப் பின்தங்கியே துரத்துகிறது. சுமை ஏறி இந்தப் பின்தங்கல் கூடினால், மோட்டார் இழுக்கும் கரண்டும் கூடும். அது சூடாக மாறும். இன்னொரு பக்கம், மோட்டாரை ஆற்றுவதே அந்த ஃபேன் இழுக்கும் காற்றுதான். வேகம் குறைந்தால் காற்றும் குறைகிறது. சூடு பிறப்பது கூடி, ஆறுவது குறைவதால்தான் ஒரு சின்னப் பழுதும் மோட்டாரை இப்படிக் கொதிக்க வைக்கிறது.

எந்த மோட்டாரும் ஓடினால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. உள்ளங்கையைச் சில விநாடிகூட வைத்திருக்க முடியவில்லை என்றால், கூட்டின் சூடு 60 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று கொள்ளலாம். கூட்டில் மின்கசிவு இருக்கக்கூடும் என்பதால் ஃபேனை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும். நேரடியாக வயர் கொடுத்திருந்தால் மெயினை இறக்கிவிட வேண்டும். கூடவே வீட்டின் மற்ற ஃபேன்களையும் ஒரு முறை பாருங்கள். அவையும் மந்தமாகச் சுற்றினால் குறை வோல்டேஜில் இருக்கலாம்.

இனி சோதனை. மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் இறக்கையை விரலால் லேசாகத் தட்டி விடுங்கள். நல்ல ஃபேன் சத்தமில்லாமல் பல சுற்று ஓடி, மெல்ல நிற்கும். பிறகு இறக்கையின் நடுக்குமிழைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் இம்மியளவு நகர்வது மட்டும் இயல்பே. இந்த இரண்டிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தட்டினால் கனமாகத் தொடங்கி, ஆனால் கரகரப்பு இல்லாமல் சுற்றுகிறது. இறக்கையிலும் வலையிலும் பழுப்புப் பிசுக்கு அப்பியிருக்கிறது என்றால், முதல் சந்தேகம் பிசுக்கின் மேல். பிசுக்கின் எடை ஃபேன் வேகமெடுப்பதைத் தாமதமாக்கும். ஓடும்போது வேகத்தைக் குறைப்பது வேறு. இறக்கையின் விளிம்பு தடித்து, வடிவம் கெட்டு, காற்றின் எதிர்ப்பு கூடுகிறது. அதைவிட முக்கியம், காற்று போகும் வழி அடைபடுவது. வெளிப்பக்கத்து மடிப்புத் தகடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் கிடந்தால், இந்த வகை ஃபேனுக்குச் சுமை ஏறும். மோட்டார் கூட்டின் மேல் படிந்த பிசுக்கும், தன் பங்குக்கு, சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். இறக்கையைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அலுமினிய இறக்கைக்குச் சலவை சோடா ஆகாது, அரித்துவிடும். மோட்டாரில் தண்ணீர் படவே கூடாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும்.

தட்டினால் தாராளமாகச் சுற்றுகிறது, ஆட்டமும் இல்லை. ஆனால் சுவிட்ச் போட்டால் உறுமிக்கொண்டே மெதுவாகக் கிளம்புகிறது என்றால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். இத்தகைய மோட்டாரில் இரண்டு காயில்கள் உண்டு. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரண்டை வேளை தள்ளிக் கொடுத்து, காந்தப்புலத்தைச் சுழல வைப்பது கண்டன்சரின் வேலை. அது ஃபேன் ஓடும் நேரமெல்லாம் வேலை செய்கிறது. அதன் அளவு குறைந்தால் சுழற்சி சீர் கெட்டு, இழுவிசை குறைந்து, பிரதான காயில் அதிகக் கரண்டை விழுங்கும். முற்றிலும் செத்துப்போனால் ஃபேன் நின்றபடி உறுமும். குச்சியால் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கமே சுற்றத் தொடங்கும். அளவைப் பார்க்க, கெப்பாசிட்டன்ஸ் காட்டும் மல்டிமீட்டர் வேண்டும். கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் இதை எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. மேலே 2.5 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று அச்சிட்டிருந்தால், 2.4-க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே அது தேய்கிறது என்று பொருள். அதே அளவில், அதே வோல்ட்டில் புதியதைப் போட வேண்டும். வேகம் கிடைக்கட்டும் என்று பெரிய அளவு போட்டால் இரண்டாவது காயிலில் கரண்ட் அளவு மீறி, அந்தக் காயில் சூடேறும்.

தட்டினால் ஓரிரு சுற்றிலேயே நின்றுவிடுகிறது, கரகரக்கிறது, அல்லது நடுக்குமிழ் ஆடுகிறது என்றால் பேரிங்தான். சூடு கூடு முழுவதும் பரவாமல் தண்டு வெளிவரும் முனையில் கூடுதலாக இருப்பதும் இதன் அடையாளம். ஆட்டம் அதிகமானால் ரோட்டார் ஓரமாகச் சாய்ந்து உள்சுவரை உரசும். சிறிய பிளாஸ்டிக் ஃபேன்கள் பலவற்றில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கும். அது வறண்டிருந்தால் சில சொட்டு மெஷின் ஆயில் போதும். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பசையாகி இறுக்கும். மூடிய பால் பேரிங்குக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. அதன் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து மாற்ற வேண்டும்.

மூன்றும் கலந்து வரும்போதுதான் வரிசை உதவுகிறது. தினமும் தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் ஒரு சமையலறையின் 9 அங்குல ஃபேனை எடுத்துக்கொள்வோம். இறக்கையெல்லாம் பிசுக்கு, மோட்டார் கொதிக்கிறது. கையால் தட்டினால் கனமாக, ஆனால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஆட்டம் இல்லை. எனவே பேரிங் இல்லை. கழுவி மாட்டியதும் வேகம் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் கிளம்பும்போது இன்னும் உறுமுகிறது. கண்டன்சரை அளந்தால் 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.7. மாற்றியதும் உடனே கிளம்புகிறது. அரை மணி ஓட்டி நிறுத்தித் தொட்டால் இளஞ்சூடு மட்டுமே. பிசுக்கு ஏற்றிய சூடு பக்கத்தில் இருந்த கண்டன்சரையும் தேய்த்திருக்கக்கூடும். கண்டன்சரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே சூட்டில்தான் வெந்திருக்கும்.

சுத்தம் செய்து, கண்டன்சர் சரியாக இருந்து, பேரிங்கும் தாராளமாகச் சுற்றி, அப்போதும் சூடு குறையவில்லை என்றால் காயில் உள்ளுக்குள் கெட்டிருக்கலாம். கருகிய வார்னிஷ் வாசனை அதை உறுதிசெய்யும். சில மோட்டார்களில் காயிலோடு சேர்த்துக் கட்டிய வெப்ப ஃபியூஸ் இருக்கும். அது அறுந்துவிட்டால் வயரால் இணைத்து ஓட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். அந்த நிலையில் காயில் கட்டுவது, இல்லையென்றால் புது ஃபேன் வாங்குவது என்ற இரண்டே வழிகள்தான் உண்டு.