சர்வர் ‘வெற்றி’ என்றது, எஸ்எம்எஸ் வரவில்லை

2021 மார்ச் 8ஆம் தேதி நாடு முழுக்கப் பலருடைய கைப்பேசிக்கு ஓடிபி வரவில்லை. வங்கிப் பரிமாற்றம் பாதியில் நின்றது. தடுப்பூசிக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தவர்கள் திரையைப் பார்த்தபடியே காத்திருந்தார்கள். வணிகச் செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது டிராய் கொண்டுவந்த விதி. பதிவோடு ஒத்துப்போகாத எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் அன்றைக்குத்தான் வடிகட்டத் தொடங்கியிருந்தன. குழப்பத்தைப் பார்த்த டிராய், மறுநாளே அந்த வடிகட்டலை ஏழு நாளைக்கு நிறுத்திவைத்தது.

இன்று அந்த விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. வாசகத்தைப் பதிவு செய்தால் அதற்கு 19 இலக்க டெம்ப்ளேட் எண் ஒன்று கிடைக்கும். செய்தி அனுப்பும் மென்பொருள் அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை மென்பொருள் எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டிய இடம் ஏபிஐ ஆவணம். அப்படிப்பட்ட ஆவணங்களைப் படித்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் ஓர் ஆவணத்தைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

பள்ளிகளுக்கு மென்பொருள் செய்யும் சிறிய குழு ஒன்று, மழை விடுமுறை அறிவிப்பைப் பெற்றோருக்குத் தமிழில் எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப நினைத்தது. அனுப்பித் தரும் நிறுவனம் வேறு. பள்ளியின் மென்பொருள் அந்த நிறுவனத்தின் சர்வரிடம், ‘இந்த எண்ணுக்கு இந்தச் செய்தியை அனுப்பு’ என்று குறிப்பிட்ட வடிவத்தில் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கான வாசல்தான் ஏபிஐ. கேட்கும்போது நிரப்ப வேண்டிய கட்டங்களைப் பாராமீட்டர் என்பார்கள். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், தவறினால் என்ன பதில் வரும், சரியாக நிரப்பிய மாதிரி எப்படி இருக்கும் என்பதையெல்லாம் ஆவணம் சொல்ல வேண்டும். குழு மூன்று நாள் போராடியது. சர்வர் ஒவ்வொரு முறையும் ‘வெற்றி’ என்றே பதில் சொன்னது. ஒரு பெற்றோருக்கும் செய்தி போகவில்லை. உதவி எண்ணை அழைத்தால், “சார், எங்க பக்கம் சக்சஸ்னுதான் காட்டுது” என்றார்களாம். அதன் பிறகுதான் ஆவணம் என்னிடம் வந்தது.

நான் முதலில் ஆவணத்தைப் படிப்பதில்லை. எதுவும் நிறுவாத ஒரு கணினியைத் திறந்து, ஆவணத்தில் உள்ள முதல் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுவேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன். அனுபவமுள்ள கை தன்னையறியாமல் தவறைத் திருத்திவிடும். புதிதாக வருகிறவருக்கு அந்தக் கை இருக்காது. அந்த எடுத்துக்காட்டு இதுதான்:

```
curl -X POST https://api.example.com/v2/sms \
  -H “Authorization: Bearer YOUR_KEY” \
  -H “Content-Type: application/json” \
  -d ‘{"sender":"SCHOOL","to":"91XXXXXXXXXX","text":"..."}’
```

சாவியையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் போட்டு ஓட்டினேன். `Could not resolve host: Bearer` என்று வந்தது. பார்க்கிறவருக்கு இணைய இணைப்பில் கோளாறு என்றே தோன்றும். உண்மையான காரணம் மேற்கோள் குறிகள். அவை வளைந்த குறிகளாக இருக்கின்றன. ஆவணத்தை யாரோ வேர்டு மாதிரியான செயலியில் எழுதியிருக்கிறார்கள்; அது நேர்க் குறிகளை அழகுக்காக வளைத்துவிட்டது. டெர்மினலுக்கு வளைந்த குறி வெறும் எழுத்து. அதனால் இடைவெளிக்குப் பின் வந்த `Bearer` என்ற சொல்லை அது ஓர் இணைய முகவரி என்று எடுத்துக்கொண்டது. குறிகளை மாற்றிய பிறகும் ஓடவில்லை. இரண்டாவது வரியின் முடிவில், `\` குறிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தது. அந்தக் குறிக்கு அடுத்து நேராக வரி முடிந்தால்தான் கட்டளை அடுத்த வரிக்குத் தொடரும். இடையில் ஓர் இடைவெளி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். திரையில் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது, ஓட்டினால் மட்டுமே தெரியும்.

எடுத்துக்காட்டைச் சரிசெய்து ஓட்டியதும் ‘வெற்றி’ வந்தது, எஸ்எம்எஸ் வரவில்லை. இங்கிருந்துதான் பாராமீட்டர் சோதனை.

ஆவணத்தின் அட்டவணையில் நான்கு கட்டங்கள் இருந்தன: சாவி, அனுப்புநர், பெறுநர், செய்தி. டெம்ப்ளேட் எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. விதி வருவதற்கு முன் எழுதிய அட்டவணையை யாரும் புதுப்பிக்கவில்லை. விடுபட்டதைக் கண்டுபிடிக்க நான் மூன்று இடங்களை ஒப்பிடுவேன்: அட்டவணை, எடுத்துக்காட்டு, அதே நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் மாதிரி நிரல். மூன்றாவதில் `template_id` இருந்தது. அட்டவணையில் இல்லாத ஒரு பெயர் வேறெங்காவது தென்பட்டால் அதுதான் விடுபட்ட கட்டம்.

பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது. அந்த 19 இலக்க எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்துத் தொடராகக் கொடுப்பதா, வெறும் எண்ணாகக் கொடுப்பதா? அற்பக் கேள்வி போலத் தெரியும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அது 16 இலக்கம். 19 இலக்க எண்ணை எண்ணாகவே கொடுத்தால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். மாறிய எண்ணில் எந்த வாசகமும் பதிவாகியிருக்காது, செய்தி வடிகட்டப்படும். ஆகவே அட்டவணையில் ‘எழுத்துத் தொடர், 19 இலக்கம், கட்டாயம்’ என்று மூன்றையும் எழுதியாக வேண்டும்.

டெம்ப்ளேட் எண்ணைச் சேர்த்ததும் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. ஆனால் திரை முழுக்கக் கேள்விக்குறிகள். தமிழ்ச் செய்தி என்பதை அறிவிக்கும் `unicode` என்ற கட்டமும் அட்டவணையில் விடுபட்டிருந்தது. ஆவணத்தை எழுதியவர் ஆங்கிலச் செய்தியை மட்டும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். ‘ஒரு செய்தி 160 எழுத்து’ என்ற அவருடைய குறிப்பும் ஆங்கிலத்துக்கு மட்டுமே சரி. யூனிகோடில் அனுப்பும்போது ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். நீளமான செய்தியைப் பல துண்டுகளாக்கினால் ஒரு துண்டுக்கு 67. அதிலும் நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளும் தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு ஏழு. அறுபது எழுத்துதானே என்று பள்ளி அனுப்பும் அறிவிப்பு இரண்டு துண்டாகிவிடும், கட்டணமும் இரண்டு மடங்காகும். தமிழில் சேவை தருவதாகச் சொல்லும் எந்த ஆவணத்திலும் இந்தக் கணக்கு இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் போவது பள்ளியின் கையிலிருந்து.

கடைசியாக எரர் கோடு. இதற்கு நானே வேண்டுமென்று தப்பு செய்வேன், ஒரு நேரத்தில் ஒரே ஒரு தப்பு. தவறான சாவி, பத்தில் ஒன்பது இலக்கம் மட்டும் உள்ள கைப்பேசி எண், வெற்றுச் செய்தி, டெம்ப்ளேட் எண் இல்லாத கோரிக்கை, இருப்புத் தொகை தீர்ந்த கணக்கு. ஐந்தையும் தனித்தனியாக அனுப்பி, வந்த பதிலைத் தாளில் எதிரெதிரே எழுதுவேன். இந்தச் சர்வர் நான்கு தப்புக்கு ஒரே பதிலைத் தந்தது:

```
HTTP/1.1 200 OK
{"status":"error","code":101,"message":"Invalid request"}
```

டெம்ப்ளேட் எண் இல்லாத ஐந்தாவது கோரிக்கைக்கு ‘வெற்றி’ என்றது. முதல் வரியில் உள்ள 200 என்பது இணைய வழக்கில் ‘எல்லாம் சரி’. 400களில் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கத் தவறு, 500கள் சர்வர் பக்கத் தவறு. பெரும்பாலான மென்பொருள்கள் முதல் வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். உள்ளே ‘error’ என்று எழுதிவிட்டு மேலே 200 போடுவது, காயத்தை மறைத்துக் கட்டுவது போல. 101 என்றால் என்ன என்று ஆவணத்தில் தேடினேன். ‘101: தவறான கோரிக்கை’ என்று மட்டும் இருந்தது.

ஓர் எரர் கோடு தெளிவானதா என்று பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் போதும். என்ன தவறு? யார் திருத்த வேண்டும்? மறுபடி அனுப்பலாமா? மூன்றாவதைத்தான் ஆவணங்கள் மறந்துவிடுகின்றன. இருப்பு தீர்ந்திருந்தால் நூறு முறை அனுப்பியும் பயனில்லை. சர்வர் நெரிசலில் இருந்தால் சிறிது பொறுத்து அனுப்பலாம். எவ்வளவு நேரம் என்பதை `Retry-After` என்ற வரியில் சர்வரே சொல்ல முடியும். செய்தி ஏற்கெனவே போய்விட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், மறுபடி அனுப்புவதால் பெற்றோருக்கு ஒரே அறிவிப்பு இரண்டு முறை போகும். இதையெல்லாம் ஒரே 101 மூடிமறைக்கிறது. பிழைப் பதில் எப்படி இருக்கலாம் என்பதற்கு 2023இல் வெளியான ஆர்எஃப்சி 9457 ஒரு பொது வடிவம் தருகிறது. என் அறிக்கையில் மாற்றாக எழுதிக் கொடுத்தது அந்த வடிவத்தில்தான்:

```
HTTP/1.1 422 Unprocessable Content
Content-Type: application/problem+json

{"title":"template_id missing", "status":422,
 "detail":"template_id is required: 19 digits, as a string"}
```

இன்னொரு தவறு சொல்லில் இருந்தது. சர்வர் சொன்ன ‘வெற்றி’க்கு, ‘செய்தியை வாங்கிக்கொண்டேன்’ என்றே பொருள். வடிகட்டல் நடப்பது அதற்குப் பிறகு, தொலைபேசி நிறுவனத்திடம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது தனியாக வரும் டெலிவரி அறிக்கையில்தான் தெரியும். வாங்கிக்கொண்டதைச் சொல்ல 202 என்ற எண் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, ‘இது டெலிவரி அல்ல’ என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் குழுவின் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

என் சோதனைக்கும் எல்லை உண்டு. நான் பார்த்தது ஒரு கணக்கு, ஒரு நாள். நாளை சர்வர் மாறினால் என் அறிக்கை பழசாகிவிடும். அதனால் எடுத்துக்காட்டுகளை இயந்திரமே அன்றாடம் ஓட்டிப் பார்க்கும்படி செய்யச் சொன்னேன். பைதான் மொழியோடு வரும் டாக்டெஸ்ட் இதற்காகவே இருக்கிறது. ரஸ்டில் `cargo test` கட்டளை ஆவணத்துக்குள் உள்ள எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தே ஓட்டுகிறது. ஓடாத எடுத்துக்காட்டு ஆவணத்தில் நிற்பதற்கு இன்று சாக்கு இல்லை.

நிறுவனம் அட்டவணையைத் திருத்தியது. நான்கு வரிகள் ஆறாயின, தமிழ்ச் செய்திக்குத் தனி எடுத்துக்காட்டு வந்தது. 101 இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் ஏபிஐ பயன்படுத்துகிறவர் என்றால், ஓடாத எடுத்துக்காட்டைப் பார்த்ததும் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அனுப்பியது என்ன, வந்தது என்ன, ஆவணம் சொன்னது என்ன என்று மூன்று வரி எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.